நாளுக்கு மூன்று, நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று: மலேரியா மாத்திரைகளும் அரைவாழ்வுக் காலத்தின் வரலாறும்

ஒரே நோய்க்கு அடுத்தடுத்து மூன்று மருந்துகள் வந்தன. குயினைனை எட்டு மணிநேரத்துக்கு ஒருமுறை விழுங்க வேண்டியிருந்தது. நோய் வராமல் தடுக்க மெப்பாக்ரினை நாளுக்கு ஒருமுறை விழுங்கினால் போதும். அதே நோக்கத்துக்குக் குளோரோகுயின் வாரத்துக்கு ஒருமுறையே போதுமானதாக இருந்தது. மூன்றும் தாக்கியது இரத்தத்திலுள்ள அதே மலேரியா ஒட்டுண்ணியைத்தான். வேறுபட்டது மருந்து உடலில் தங்கும் காலம். இதை மருத்துவ உலகம் கணக்கிட்டு அறியத் தொடங்கியது இரண்டாம் உலகப்போரின்போதுதான். அந்த அறிவு எப்படிப் பிறந்தது என்பதற்கு இந்தியாவின் கிழக்கு எல்லையும் ஒரு சாட்சி.

1820இல் பெல்லத்தியே, கவாந்து என்னும் இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். 1860களில் சின்கோனா கன்றுகள் நீலகிரியிலும் டார்ஜிலிங் மலைச்சரிவுகளிலும் நடப்பட்டன. 1892 முதல் வங்காளத்தில் அஞ்சல் நிலையங்கள் வழியாகக் குயினைன் சிறு பொட்டலங்களில் ஒரு பைசாவுக்கு விற்கப்பட்டது. மருந்தை மக்களிடம் கொண்டுசேர்த்ததில் இது பெரிய முயற்சிதான். ஆனால் காய்ச்சல் கண்ட ஒருவர் ஒரு பொட்டலத்தை மட்டும் விழுங்கிவிட்டு வேலைக்குத் திரும்பினால் என்ன நடக்கும்? அதற்கு விடை சொல்லும் கணக்கு அன்று யாரிடமும் இல்லை.

அந்தக் கணக்கு எளியது. நலமான ஒருவரின் உடலில் குயினைனின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 11 மணிநேரம். அதாவது, உடலில் இருக்கும் குயினைன் எவ்வளவாக இருந்தாலும் 11 மணிநேரத்தில் அதில் பாதி வெளியேறிவிடும். அடுத்த 11 மணிநேரத்தில் எஞ்சியதில் பாதி. இங்கே கவனிக்க வேண்டியது, உடல் ஒரு நிலையான அளவை வெளியேற்றுவதில்லை, நிலையான விகிதத்தை வெளியேற்றுகிறது என்பதே. மருந்து மிகுதியாக இருக்கும்போது வெளியேற்றமும் மிகுதி. குறையும்போது அதுவும் குறைகிறது. ஒற்றை வேளைக் குயினைனில் இரண்டு நாள் கழிந்தபின் எஞ்சுவது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒட்டுண்ணியோ ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டு பெருகுவது. ஒரு சுற்றில் அடிபட்டுத் தப்பிய ஒட்டுண்ணிகள் அடுத்த சுற்றில் பெருகும்போது, அவற்றைத் தடுக்க உடலில் மருந்து இருக்காது. எனவேதான் குயினைன் சிகிச்சை ஏழு நாள் நீடிக்க வேண்டியதாயிற்று.

சரி, ஏழு நாள் வேண்டும். ஆனால் நாளுக்கு ஏன் மூன்று வேளை? 600 மில்லிகிராம் வீதம் எட்டு மணிநேரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் நாளொன்றுக்கு 1800 மில்லிகிராம். அந்த 1800ஐயும் காலையில் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டால் என்ன?

மருந்து உடனே முழுவதும் உடலில் சேர்ந்துவிடுகிறது என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். முதல் வேளைக்குப்பின் உடலில் 600 மில்லிகிராம். எட்டு மணிநேரத்தில் அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு எஞ்சும். அதாவது சுமார் 360. அதன்மேல் இரண்டாம் வேளையின் 600 சேர்ந்தால் 960. அதிலும் 60 விழுக்காடு எஞ்ச, மூன்றாம் வேளைக்குப்பின் 1180. நான்காம் வேளைக்குப்பின் 1310. ஐந்தாம் வேளைக்குப்பின் 1390. ஏற்றம் ஒவ்வொரு வேளையும் சிறுத்துக்கொண்டே வருகிறது. இரண்டு நாள் முடியும்போது உச்சம் 1500ஐ நெருங்கி, அதற்குமேல் அசையாமல் நின்றுவிடுகிறது. இனி எட்டு மணிநேரத்தில் வெளியேறுவதும் சரியாக 600, உள்ளே வருவதும் 600. இதுவே நிலைத்த செறிவு. செறிவு அசையாமல் ஒரு நேர்கோட்டில் நிற்கிறது என்பது இதன் பொருளன்று. ஒவ்வொரு வேளையும் அதே உச்சத்தையும் அதே தாழ்வையும் தொட்டுத் திரும்புகிறது என்பதே பொருள். இங்கே உச்சம் ஏறத்தாழ 1515 மில்லிகிராம், தாழ்வு 915.

இப்போது 1800ஐ நாளுக்கு ஒருமுறை கொடுக்கும் முறையைப் பார்ப்போம். 24 மணிநேரத்தில் 22 விழுக்காடுதான் எஞ்சும். கணக்கிட்டால் உச்சம் 2300ஐத் தாண்டுகிறது, தாழ்வு 510க்கு இறங்குகிறது. சராசரி இரண்டு முறைகளிலும் ஒன்றே. ஆனால் முதல் முறையில் உச்சம் தாழ்வைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். இரண்டாவதில் நாலரை மடங்கு. குயினைன் அப்படிப்பட்ட ஊசலாட்டத்தைப் பொறுக்கும் மருந்தன்று. அளவு சற்று மிஞ்சினால் காதில் இரைச்சல், தலைச்சுற்றல், பார்வை மங்கல்; மேலும் மிஞ்சினால் இதயத் துடிப்பே சீர்குலையும். சற்றுக் குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும். நோயைக் கொல்லும் அளவுக்கும் நோயாளியைத் துன்புறுத்தும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகலானது. அந்தக் குறுகிய பாதைக்குள் செறிவை வைத்திருக்கத்தான் நாளுக்கு மூன்று வேளை. ஆகவே வேளைகளின் எண்ணிக்கையை அரைவாழ்வுக் காலம் மட்டும் முடிவுசெய்வதில்லை. அந்தப் பாதையின் அகலமும் சேர்ந்தே முடிவுசெய்கிறது. அதே 11 மணிநேர அரைவாழ்வுடைய, ஆனால் அகலமான பாதையுடைய வேறொரு மருந்தை நாளுக்கு ஒருமுறை கொடுப்பதில் தடையிருக்காது.

1942இல் ஜப்பானியப் படை ஜாவாவைக் கைப்பற்றியது. உலகின் சின்கோனா விளைச்சலில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நேச நாடுகளின் படைகளுக்குக் குயினைன் ஏறக்குறைய ஒரே நாளில் எட்டாப்பொருளாகியது. மாற்றாகக் கையில் இருந்தது மெப்பாக்ரின். ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தார் 1930களின் தொடக்கத்தில் செயற்கையாக உருவாக்கி ‘அட்டெப்ரின்’ என்ற பெயரில் விற்ற மஞ்சள்நிற மாத்திரை அது. ஆனால் அதற்கு நல்ல பெயர் இல்லை. குயினைனைவிட மெதுவாக வேலைசெய்கிறது, சிலருக்குக் கேட்கிறது சிலருக்குக் கேட்பதில்லை, வயிற்றைப் புரட்டுகிறது என்றெல்லாம் குறைகள் சொல்லப்பட்டன. அதைக் கொடுத்துவந்த முறையோ குயினைனைப் பார்த்து எழுதியதுபோலவே இருந்தது: 100 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, ஐந்து முதல் ஏழு நாள்.

நியூயார்க்கின் கோல்ட்வாட்டர் நினைவு மருத்துவமனையில் ஜேம்ஸ் ஷானனின் தலைமையில் ஒரு குழு இந்தக் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. நோயாளி எத்தனை மாத்திரை விழுங்கினார் என்று கேட்பதைவிட, அவருடைய இரத்தப் பிளாஸ்மாவில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று கேட்பதே பொருத்தம் என்று அவர்கள் கருதினர். அதற்கு முதலில் அளக்கும் வழி வேண்டும். பெர்னார்ட் பிராடியும் சிட்னி யூடன்ஃபிரண்டும் மெப்பாக்ரினின் ஒளிரும் தன்மையைப் பயன்படுத்தி, மிக நுண்ணிய அளவையும் பிளாஸ்மாவில் அளக்கும் முறையை உருவாக்கினர். அளந்தபோது தெரிந்தது இதுதான்: விழுங்கிய மருந்தில் மிகச் சிறு பகுதியே பிளாஸ்மாவில் இருந்தது. பெரும்பகுதி கல்லீரல் முதலான திசுக்களில் போய்ப் பதுங்கிவிட்டது. அங்கிருந்து அது மிக மெதுவாகவே வெளியே வந்தது.

இந்தப் பதுங்கல்தான் நீண்ட அரைவாழ்வுக் காலத்தின் காரணம். சிறுநீரகமும் கல்லீரலும் தம்மிடம் இரத்தம் கொண்டுவந்து சேர்ப்பதை மட்டுமே நீக்க முடியும். மருந்து திசுக்களில் ஒடுங்கியிருந்தால் நீக்கும் உறுப்புக்கு வந்துசேர்வது கொஞ்சமே. ஒரே அகல மதகுடைய இரண்டு ஏரிகளில், பரந்த ஏரி வற்ற அதிக நாள் ஆவதைப்போன்றது இது. மதகின் அகலம் நீக்கும் வேகம். ஏரியின் பரப்பு மருந்து உடலில் விரியும் இடம். இவ்விரண்டின் விகிதமே அரைவாழ்வு. மெப்பாக்ரினுக்கு அது ஒரு வாரத்துக்கு முன்பின்னாக அமைகிறது.

கணக்குக்காக ஒரு வாரம் என்றே கொள்வோம். அப்படியானால் ஒரு நாளில் உடலிலிருந்து வெளியேறுவது பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நாளுக்கு 100 மில்லிகிராம் உட்கொள்ளும் ஒருவரின் உடலில் மருந்து எதுவரை ஏறும்? ஒரு நாளின் இழப்பும் 100 ஆகும்வரை. அதாவது உடலில் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் சேரும்வரை. அங்கே போய்ச்சேர எத்தனை நாள்? முதல் வார முடிவில் பாதி, 500. இரண்டாம் வார முடிவில் 750. மூன்றாம் வாரத்தில் 875. நான்காம் வாரத்தில் 940. எத்தனை மில்லிகிராம் கொடுத்தாலும் இந்தக் கால அட்டவணை மாறுவதில்லை. அளவை இரட்டித்தால் போய்ச்சேரும் உயரம் இரட்டிக்குமே தவிர, போய்ச்சேரும் காலம் குறையாது. நிலைத்த செறிவை எட்ட நான்கைந்து அரைவாழ்வுக் காலம் ஆகும் என்று இன்றைய பாடநூல்கள் சொல்லும் விதி இதுவே.

மெப்பாக்ரினின் கெட்ட பெயருக்கு விளக்கமும் இங்கேயே கிடைத்துவிட்டது. பழைய முறையில் நாளுக்கு 300 மில்லிகிராம் பெற்ற நோயாளியின் உடலில் மூன்றாம் நாள் முடிவில்தான் 800ஐ ஒட்டிய அளவு சேர்ந்தது. அதற்குள் காய்ச்சல் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. மருந்து வலுவற்றதாக இல்லை; வந்துசேரத் தாமதித்தது, அவ்வளவே. ஷானன் குழுவின் பரிந்துரை நேரடியானது: ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் வீதம் முதலில் ஐந்து வேளை, பின்னர் பழையபடி 100 வீதம் மூன்று வேளையாக ஆறு நாள். முதல் நாளிலேயே 1000 மில்லிகிராம் உள்ளே போய்விடுகிறது. திசுக்கள் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின்னும் பிளாஸ்மாவில் போதிய அளவு மிஞ்சுகிறது. ஏரியை வாய்க்கால் நீரால் வாரக்கணக்கில் நிரப்புவதை விட்டு, முதலிலேயே நிரப்பிவிட்டு, பிறகு கசிவை மட்டும் ஈடுகட்டும் முறை இது. தொடக்கப் பேரளவு என்று இன்று அறியப்படும் உத்தி மலேரியா சிகிச்சையில் அளவீட்டின் துணையோடு வேரூன்றியது இவ்வாறுதான்.

இந்தக் கணிதம் முற்றிலும் புதியதன்று. சுவீடனின் உப்சாலாவில் டோர்ஸ்டன் டியோரெல் 1937லேயே, மருந்து உடலுக்குள் பரவி வெளியேறும் போக்கைச் சமன்பாடுகளாக எழுதி வெளியிட்டிருந்தார். ஆனால் அவை நோயாளியின் படுக்கையருகே வந்துசேரவில்லை. இத்துறைக்கு மருந்தியக்கவியல் என்ற பொருள்தரும் பெயர் ஃபிரீட்ரிக் ஹார்ட்முட் டோஸ்ட் என்னும் ஜெர்மானியரின் 1953ஆம் ஆண்டு நூலால்தான் நிலைபெற்றது. இடைப்பட்ட காலத்தில் சமன்பாட்டையும் நோயாளியையும் இணைத்தது போர்க்கால மலேரியா.

நோய் வந்தபின் தரும் சிகிச்சை ஒன்று; வராமல் தடுப்பது மற்றொன்று. இரண்டாவதைச் சோதித்தவர் நீல் ஹாமில்டன் ஃபேர்லி. ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் 1943 முதல் தன்னார்வப் படைவீரர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், நாளுக்கு 100 மில்லிகிராம் மெப்பாக்ரின் தவறாமல் உட்கொள்பவர் கொசுக்கடிக்குப் பலமுறை ஆளானாலும் காய்ச்சலின்றி இருப்பார் என்று அவர் காட்டினார். அது உடனே அசாம், பர்மா போர்முனைக்குப் பயன்பட்டது. அங்கே பெரும்பான்மையினர் இந்திய வீரர்கள். 1943இல் போர்க்காயத்தால் அப்புறப்படுத்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் அப்புறப்படுத்தப்பட்டவர் 120 பேர் என்று பதினான்காம் படையின் தளபதி வில்லியம் ஸ்லிம் பின்னர் எழுதினார். மாத்திரை ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தி வீரர்களிடையே பரவியிருந்தது. தோல் மஞ்சளாவதும் அச்சத்தை வளர்த்தது. ஸ்லிம் படைப்பிரிவுகளை முன்னறிவிப்பின்றிச் சோதிக்க ஏற்பாடு செய்தார். 95 விழுக்காட்டினருக்குக் குறைவாக மருந்து உட்கொண்டிருந்தால் அப்பிரிவின் அதிகாரி பதவி இழந்தார். அவ்வாறு மூவரை மட்டுமே நீக்க வேண்டிவந்ததாகவும் அவர் குறித்திருக்கிறார்.

அந்தக் கடுமைக்கு அரைவாழ்வுக் கணக்கில் ஒரு நியாயம் உண்டு. மெப்பாக்ரினை ஒரு நாள் மறந்தால் உடலில் குறைவது பத்தில் ஒரு பங்கே. குயினைனை ஒரு நாள் முழுதும் மறந்தால் ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். அவ்வகையில் நீண்ட அரைவாழ்வு மன்னிக்கும் குணமுடையது. அதே குணம் ஏமாற்றவும் செய்யும். மாத்திரையைத் துப்பிய வீரனுக்கு இன்றும் நாளையும் ஒன்றும் நேராது. இரண்டு வாரம் துப்பினால் மருந்து கால்பங்காகும்; காய்ச்சல் அப்போது வரும். பிழைக்கும் விளைவுக்கும் இடையே அத்தனை நாள் கழிந்துவிடுவதால், மாத்திரையே பயனற்றது என்ற முடிவுக்கு வருவது எளிது. அதன்பின் ஒரு மாத்திரையை அவசரமாக விழுங்கினாலும் முழு உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான் மீளும்.

குளோரோகுயின் இதையும் விஞ்சியது. 1934இல் ஹான்ஸ் ஆண்டர்சாக் உருவாக்கிய இம்மருந்து போருக்குப்பின் பரவலாயிற்று. அதன் இறுதிக்கட்ட அரைவாழ்வு ஒன்று முதல் இரண்டு மாதம். ஒரு வாரத்தில் குறைவது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அல்லது அதைவிடக் குறைவே. எனவே தடுப்புக்கு வாரம் ஒரு வேளை போதும். சிகிச்சையோ மூன்று நாளில் முடிந்துவிடும். 1953இல் இந்தியா மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும் 1958இல் ஒழிப்புத் திட்டத்தையும் தொடங்கியபோது, தொலைதூரச் சிற்றூருக்கும் கொண்டுசெல்லத்தக்க மருந்தாக இது அமைந்ததற்கு இந்த எளிமையே காரணம்.

ஆனால் மெதுவாக வெளியேறும் மருந்துக்கு ஒரு நீண்ட வால் உண்டு. மூன்று நாள் சிகிச்சை முடிந்தபின் பல வாரம் குளோரோகுயின் இரத்தத்தில் இருக்கும். ஆனால் கொல்லும் அளவில் அன்று, தேய்ந்துகொண்டே போகும் அளவில். அக்காலத்தில் புதிதாகக் கொசு கடித்து உட்புகும் ஒட்டுண்ணிகளில் மருந்தைத் தாங்காதவை மடியும். சற்றே தாங்கும் திறனுடையவை பிழைத்துப் பெருகும். வலுவிழந்த மருந்து ஒரு சல்லடையாகி, எதிர்ப்புத் திறனுள்ளவற்றைப் பொறுக்கியெடுத்து வளர்க்கிறது. மலேரியா ஓயாது பரவும் பகுதியில் இச்சல்லடை ஆண்டு முழுதும் இயங்கும். 1973இல் அசாமின் கார்பி ஆங்லாங் மாவட்டத்தில் குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் மலேரியா இந்தியாவில் முதன்முதலாகப் பதிவாயிற்று. எதிர்ப்புத் திறனுக்குக் காரணங்கள் பல. நீண்ட அரைவாழ்வு அவற்றுள் ஒன்று.

பின்னர் வந்த ஆர்ட்டிசுனேட் இதற்கு நேர் எதிரானது. அதுவும் உடலில் அது மாறித் தரும் செயல்பொருளும் ஒரு மணிநேரத்தை ஒட்டிய அல்லது அதைவிடக் குறைந்த அரைவாழ்வே உடையவை. இதுவரை கண்ட கணக்கின்படி அதை நாளுக்குப் பலமுறை கொடுக்க வேண்டும். ஆனால் நாளுக்கு ஒருமுறைதான் கொடுக்கிறார்கள். காரணம், அது செறிவு நிலைத்து நிற்பதை நம்பி வேலைசெய்யும் மருந்தன்று. ஒட்டுண்ணியின் ஒரு சுற்றுக்குள், அதாவது இரண்டு நாளில், அவற்றின் தொகையை ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒன்றாக்கிவிடுகிறது. குறுகிய நேரத் தாக்குதலே அதற்குப் போதும். மூன்று நாளுக்குப்பின் எஞ்சும் சிலவற்றைத் தீர்க்க, நீண்ட அரைவாழ்வுடைய துணைமருந்து ஒன்றைச் சேர்த்துத் தருகிறார்கள்.

அந்தத் துணைமருந்து லூமிஃபான்ட்ரினாக இருந்தால் மீண்டும் கணக்கு மாறுகிறது. வடகிழக்கு மாநிலங்களில் 2013 முதல் பின்பற்றப்படும் கூட்டு மருந்தில் இருப்பது அதுதான். அதன் அரைவாழ்வு சில நாள். ஆயினும் நாளுக்கு இருமுறை தருகிறார்கள். ஏனெனில் ஒரே வேளையில் குடல் உறிஞ்சும் அளவுக்கு வரம்பு உண்டு. வரம்பை மீறிக் கொடுத்தது வீணாகும். கொழுப்புள்ள உணவோடு உட்கொண்டால் உறிஞ்சல் கூடும் என்பதால், பாலோடு அல்லது உணவோடு விழுங்கச் சொல்கிறார்கள்.

ஆகவே மருந்துச் சீட்டில் எழுதும் வேளை எண்ணிக்கைக்குப் பின்னால் நான்கு கேள்விகள் நிற்கின்றன. மருந்து எவ்வளவு விரைவில் வெளியேறுகிறது? பயனுக்கும் நஞ்சுக்கும் இடையே எவ்வளவு இடமிருக்கிறது? அது தாக்கும் பொருளுக்குத் தொடர்ந்த அழுத்தம் வேண்டுமா, சிறு நேரத் தாக்குதல் போதுமா? குடல் ஒரு வேளையில் எவ்வளவு ஏற்கும்? அரைவாழ்வு முதல் கேள்விக்கு மட்டுமே விடை. மெப்பாக்ரினுக்குக் குயினைனின் வேளைக்கணக்கை எழுதிவைத்தவர்கள் அந்த முதல் கேள்வியைக்கூடக் கேட்டிருக்கவில்லை. பிளாஸ்மாவில் அளந்து பார்க்கும்வரை, அப்படியொரு கேள்வி இருப்பதே புலப்படவில்லை.